முப்பது நொடிக் குரல் நாட்குறிப்பு: கடைசி வரி எங்கே போகிறது?

நாள்கோல் | 11 மார்ச் 2025, செவ்வாய், இரவு 10:05

தினமும் படுக்கப் போகும் முன் கைபேசியில் முப்பது நொடி பேசுகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது, உடம்பு எப்படி இருக்கிறது, மறுநாள் மறக்கக் கூடாதது எது, அவ்வளவுதான். ஒலிக்கோப்பு தானாகக் கணினிக்குப் போகும், அங்கே ஒரு நிரல் அதை எழுத்தாக்கும், எழுத்து அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட கோப்பில் சேரும். நடுவில் நான் கை வைக்கும் வேலையே இல்லை. விடாமல் நடப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அலுத்துக் களைத்து வந்த நாளில்கூட முப்பது நொடி பேச முடிகிறது.

இரண்டு சிக்கல். பல நாள் எழுத்தில் கடைசி ஒன்றிரண்டு வாக்கியங்களைக் காணோம். பேசியது நன்றாக நினைவிருக்கிறது, கோப்பில் இல்லை. முக்கியமானதைக் கடைசியில் சொல்வது என் வழக்கம் என்பதால் போவது எப்போதும் அதுவாகவே இருக்கிறது. இன்னும் சில நாள் நான் சொல்லாத வரி ஒன்று கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது: "பார்த்ததற்கு நன்றி." என் நாட்குறிப்பில் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. யாருக்காவது காரணம் தெரியுமா?

பழையபாதை | 11 மார்ச், இரவு 10:31

முப்பது நிமிடம் பேசினால் கடைசியில் கொஞ்சம் போகத்தான் செய்யும். நான் என் பாட வகுப்புகளை எழுத்தாக்குகிறேன், பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பாக வெட்டிவிடுங்கள்.

நாள்கோல் | 11 மார்ச், இரவு 10:34

நிமிடம் இல்லை, நொடி. மொத்தமே முப்பது நொடிதான்.

கார்முகில் | 12 மார்ச், புதன், காலை 7:50

விஸ்பர் மாதிரியான நிரல் என்றால் விடை சுலபம். அது ஒலியை முப்பது முப்பது நொடிச் சன்னலாகத்தான் பார்க்கும். நீங்கள் பேசுவதும் முப்பது நொடி. அதனால் சரியாக முப்பதில் நிறுத்துங்கள், ஒரு நொடி கூடக் கூடாது, குறையவும் கூடாது. அப்போது ஒரே சன்னலில் முழுதும் அடங்கிவிடும். வால் அறுந்து போவதும் நிற்கும், நன்றி வருவதும் நிற்கும்.

ஒலித்தச்சன் | 12 மார்ச், இரவு 9:15

கார்முகில் சொன்னதில் பாதி சரி. நன்றி வருவதற்குக் காரணம் அதுதான். ஆனால் வால் அறுவதற்குக் காரணம் வேறு. அவர் சொல்வதுபோல முப்பது நொடியையும் நிரப்பிப் பேசினால் அந்தச் சிக்கல் கூடத்தான் செய்யும்.

முதலில் நன்றி. நீங்கள் பொத்தானை அமுக்கி நிறுத்துபவர் என்றால் கோப்பு 32, 33 நொடி வரும். முதல் முப்பது ஒரு சன்னல். மிச்சம் இருக்கும் மூன்று நொடி அடுத்த சன்னல். அந்த மூன்று நொடிக்குப் பின்னால் 27 நொடி வெறும் நிசப்தத்தைச் சேர்த்துத்தான் நிரல் அதைப் பார்க்கிறது. உங்கள் பேச்சு அதற்குள் முடிந்து, கைபேசியைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் அதில் இருக்கும். ஒன்றும் இல்லாத இடத்தில் சும்மா இருக்க இந்த வகை நிரலுக்குச் சரியாக வருவதில்லை. விஸ்பர் 2022-ல் வெளிவந்தபோது 6,80,000 மணி நேர ஒலியில் பழக்கியதாகச் சொன்னார்கள். இணையத்தில் இருந்து எழுத்தோடு சேர்த்து எடுத்த ஒலி அது. காணொளிகளின் கடைசியில் பேச்சு ஓய்ந்த இடத்தில் என்ன எழுதியிருக்கும்? பார்த்ததற்கு நன்றி என்றுதான். அந்தப் பழக்கம் உங்கள் நிசப்தத்தில் வெளியே வருகிறது.

இனி வால். இந்த நிரல் எழுத்தை எழுத்தாக வெளியிடுவதில்லை, சின்னச் சின்னத் துண்டுகளாக வெளியிடுகிறது. ஒரு சன்னலுக்கு உச்ச அளவு 224 துண்டு. ஆங்கிலத்தில் அன்றாடச் சொல் பெரும்பாலும் ஒரு துண்டு, அதனால் முப்பது நொடி எவ்வளவு வேகமாகப் பேசினாலும் அளவு தட்டாது. தமிழில் ஒரு சொல்லுக்கே பல துண்டு போகும். "அனுப்பவேண்டியிருந்தது" போன்ற நீளச் சொல் ஒன்று வந்தால் கையிருப்பில் நல்ல பங்கைத் தின்றுவிடும். மூச்சுவிடாமல் பேசினால் 22, 24 நொடி வாக்கில் 224 தீர்ந்துவிடும். அங்கே எழுத்து நின்றுவிடும், சொல்லின் நடுவாக இருந்தாலும் சரி. நிரலோ அந்தச் சன்னல் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அடுத்த முப்பதுக்குப் போய்விடும். இடையில் விழுந்ததைத் திரும்பிப் பார்க்காது.

இதை ஒரே ஒரு நாளில் சோதித்துவிடலாம். வால் போன ஒரு கோப்பை எடுத்து, எழுத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். பாதிச் சொல்லாக நின்றால் சந்தேகமே இல்லை, அளவு தீர்ந்ததுதான். முழு வாக்கியமாக முடிந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

நாள்கோல் | 13 மார்ச், வியாழன், இரவு 11:20

தச்சன் சொன்னபடி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பதிவு. கோப்பில் இருந்தது இப்படி முடிகிறது:

"...அக்காவிடம் பேசினேன், அவள் கோபம் தணிந்துவிட்டது. நாளைக்குக் காலை பத்து மணிக்குள் அந்த விண்ணப்பத்தை அனு"

பாதிச் சொல்! "அனு" என்று நிற்கிறது. இதை முன்பே பார்த்தவன்தான், கைபேசி ஏதோ விழுங்கிவிட்டது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். இப்போது ஒலியைப் போட்டுக் கேட்டால் "அனு" வரும் இடம் 24-ஆவது நொடி. அதற்குப் பிறகு நான் தெளிவாகவே பேசியிருக்கிறேன்: "அனுப்பணும், இல்லன்னா அபராதம். அப்புறம், இன்னைக்கு ராத்திரி மாத்திரை போடல." ஒலியில் ஒரு குறையும் இல்லை.

இந்த நாள் வரை ஒலிக்கோப்பை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. எழுத்து வந்ததும் ஒலியை அழித்துவிடும் அமைப்பு ஒன்று செயலியில் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் இந்த வால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஒலித்தச்சன் | 14 மார்ச், வெள்ளி, காலை 6:40

அழிக்கவே அழிக்காதீர்கள். 16,000 மாதிரி வீதத்தில் ஒற்றைத் தடமாக வைத்தால் முப்பது நொடி ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு, வருடம் முழுதும் சேர்ந்து 350 மெகாபைட் வரும். ஓபஸ் வடிவில் சுருக்கினால் அதில் பத்தில் ஒரு பங்கு. இதற்காக இடம் மிச்சம் பிடிப்பதில் பொருளே இல்லை.

தீர்வு, எழுத்தாக்கும் முன் ஒலியை இரண்டாக வெட்டுவது. நேராக 15-ஆவது நொடியில் வெட்டினால் ஒரு சொல் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் கெடும். மூச்சு விட்ட இடமாகப் பார்த்து வெட்டவேண்டும். அந்த இடத்தை இது காட்டும்:

```
ffmpeg -i pathivu.wav -af silencedetect=noise=-35dB:d=0.4 -f null -
```

0.4 நொடிக்கு மேல் அமைதி இருக்கும் இடமெல்லாம் `silence_start` என்று நேரத்தோடு வரும். நடுவுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் அறை இரைச்சல் அதிகம், -35 என்பதை -30 ஆக்கிப் பாருங்கள்.

கார்முகில் | 14 மார்ச், காலை 9:02

அப்படியானால் 20 நொடியாகக் குறைத்துப் பேசினால் போதுமே? வெட்ட வேண்டியதே இல்லை.

ஒலித்தச்சன் | 14 மார்ச், பகல் 1:10

போதும். ஆனால் அவருக்கு முப்பது நொடி கைவந்த பழக்கம். அதைக் கலைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. நிரலுக்காக மனிதர் பேச்சைக் குறைப்பதைவிட ஒலியை வெட்டுவது மேல்.

வெள்ளாம்பல் | 14 மார்ச், இரவு 8:45

எனக்கு வால் எல்லாம் போகவில்லை, நான் மெதுவாகப் பேசுகிறவள். ஆனால் நாள்கோல் எழுதியதில் "மாத்திரை போடல" என்பதைப் பார்த்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஒற்றைத் தலைவலி. எப்போது வந்தது, எவ்வளவு நேரம், தூங்கினேனா, என்ன மாத்திரை என்று தினமும் சொல்லி வைக்கிறேன். மருத்துவரிடம் போகும்போது அந்த எழுத்தைத்தான் காட்டுவேன். போன முறை அவர் படித்துவிட்டு, "தூக்கம் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்து ஒலியைக் கேட்டால் நான் "தூங்கல" என்று சொல்லியிருக்கிறேன். எழுத்தில் "தூங்கலாம்" என்று இருக்கிறது. இன்னொரு நாள் "சாப்பிடல" என்பது "சாப்பிட்டேன்" ஆகியிருக்கிறது. நான் சொன்னதற்கு நேர் எதிர், ஆனால் படிக்கும்போது பிழையாகவே தெரியவில்லை.

நாள்கோல் | 14 மார்ச், இரவு 11:50

வெள்ளாம்பல் எழுதியதைப் பார்த்த கையோடு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் 14.2-ஆவது நொடியில் ஓர் அமைதி காட்டியது, அங்கே வெட்டினேன். இரண்டு துண்டையும் தனித்தனியாக எழுத்தாக்கினேன். வால் முழுதும் வந்துவிட்டது. விண்ணப்பம் வந்தது, அபராதம் வந்தது. கடைசி வரி:

"இன்றைக்கு ராத்திரி மாத்திரை போடலாம்."

அதே பிழை! வால் போனதைவிட இது எனக்கு அதிகம் உறுத்துகிறது. காணாமல் போனால் காணோம் என்றாவது தெரியும். இது ஒழுங்கான வாக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு வருடம் கழித்துப் படித்தால் நம்பிவிடுவேன்.

ஒலித்தச்சன் | 15 மார்ச், சனி, காலை 7:05

பேச்சுத் தமிழில் மறுப்பு முழுதும் கடைசி "ல"வில் இருக்கிறது. வாக்கியத்தின் கடைசி அசை, குரல் இறங்கும் இடம், படுக்கப் போகும் நேரத்துக் களைப்பு வேறு. அந்த அசை மங்கினால் நிரல் தனக்குப் பழகிய சொல்லைப் போட்டு நிரப்பும். பெரிய மாதிரியைப் போட்டால் குறையும், முழுதும் போகாது. சின்ன மாதிரிகளில், `tiny`, `base` என்று இருக்கிறதே, தமிழுக்கு அவற்றை நம்பவே வேண்டாம். `medium` அல்லது அதற்கு மேல் போங்கள். முப்பது நொடிக் கோப்பு ஒன்றுதானே, இரவில் மெதுவாக ஓடட்டும்.

மொழியையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: `--language ta`. கண்டுபிடிக்க விட்டால் முதல் சில சொற்களில் ஆங்கிலம் கலந்திருந்தால் அந்த நாள் மொத்தமும் வேறு மொழியில் வரக்கூடும்.

வெள்ளாம்பல் | 15 மார்ச், காலை 10:30

தச்சன் அண்ணா, மாதிரி மாற்றுவது எல்லாம் எனக்குத் தெரியாது. நான் பேச்சை மாற்றிக்கொண்டேன். "தூங்கல" என்று சொல்வதில்லை. "தூக்கம் இரண்டு மணி நேரம்" என்று எண்ணாகச் சொல்கிறேன். தூக்கமே இல்லாவிட்டால் "ராத்திரி முழுக்க முழிப்பு" என்கிறேன். மாத்திரைக்கு "இன்னைக்கு மாத்திரை விட்டுப்போச்சு." மறுப்பு வினையின் வாலில் தொங்காமல் தனிச் சொல்லாக நின்றால் பிழை வந்ததாக இதுவரை நான் பார்க்கவில்லை. இதற்குப் பிறகு மருத்துவரிடம் காட்டியதில் குழப்பம் இல்லை.

பழையபாதை | 15 மார்ச், பகல் 12:15

மன்னிக்கவும், முதலில் நிமிடம் என்று படித்துவிட்டேன். இப்போது ஒரு கேள்வி. இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பேசினால் அது நாட்குறிப்பா? நான் கையால் எழுதுகிறவன். மனசில் வந்ததை வந்தபடி கொட்டத்தான் நாட்குறிப்பு. நிரலுக்குப் புரியும்படி வாக்கியம் அமைக்க ஆரம்பித்தால் நாளை மனசே அப்படிப் பேசத் தொடங்கிவிடும்.

வெள்ளாம்பல் | 15 மார்ச், பகல் 12:40

வலியோடு இருக்கும்போது கையால் எழுத முடியாது ஐயா. வெளிச்சமே ஆகாது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு பேசத்தான் முடியும்.

நாள்கோல் | 16 மார்ச், ஞாயிறு, இரவு 10:15

பழையபாதை கேட்டதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்கு வந்த முடிவு, எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் என்பதுதான். அக்காவின் கோபம் தணிந்ததை எப்படி வேண்டுமானாலும் சொல்வேன், அதில் ஒரு சொல் பிசகினாலும் அந்த நாள் எனக்கு விளங்கும். மருந்து, பணம், கெடு, இந்த மூன்றுக்கு மட்டும் வெள்ளாம்பல் வழி. அவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது என்றும் வைத்துக்கொண்டேன். வால் போனாலும் தலை இருக்கும்.

இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு என்கிறேனே, அது ஞாயிற்றுக்கிழமைக் கோப்பில் இல்லை. பேசியதின் தொடக்கம் "மார்ச் ஒன்பது, ஞாயிறு". ஆனால் உட்கார்ந்திருப்பது 2025-03-10 கோப்பில். இரவு 12:20-க்குப் பேசியிருக்கிறேன், அதனால். பத்தாம் தேதி இரவு பேசியதும் அதிலேயே இருக்கிறது. ஒன்பதாம் தேதி காலி. பின்னால் போய்ப் பார்த்தால் இப்படிப் பல நாள் காலி, பல நாள் இரட்டை.

கார்முகில் | 17 மார்ச், திங்கள், காலை 8:20

இதற்கு வழி இருக்கிறது. ஒலிக்கோப்புக்குள்ளேயே `creation_time` என்று ஒரு குறிப்பு இருக்கும். என்னுடையதில் நள்ளிரவு தாண்டிப் பேசினாலும் முந்தைய நாளின் தேதிதான் அதில் வருகிறது. அதை வைத்து அடுக்குங்கள், சரியாக இருக்கும்.

ஒலித்தச்சன் | 17 மார்ச், இரவு 9:30

வருவது தற்செயல். அந்தக் குறிப்பு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். கடைசியில் Z என்ற எழுத்து இருந்தால் அதுதான். பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரத்தில் 10-ஆம் தேதி 00:20 என்பது அங்கே 9-ஆம் தேதி 18:50. அதனால் தேதி 9 என்று கிடைக்கிறது, நீங்களும் சரி என்கிறீர்கள். அதே ஆள் 10-ஆம் தேதி விடிகாலை 5 மணிக்கு எழுந்து பேசினால் அங்கே 9-ஆம் தேதி 23:30. காலையில் சொன்னது முந்தைய நாளில் போய் விழும். பொது நேரத்துக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தலைகீழ், மாலைப் பேச்செல்லாம் மறுநாளுக்குப் போகும்.

கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும் நம்பாதீர்கள். கணினிக்கு நகலெடுத்த நேரமாக அது மாறிவிடுவது உண்டு. கைபேசி பதிவு செய்த கணத்தில், உள்ளூர் நேரத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதவைப்பதுதான் உறுதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் பெயர்வரிசையே காலவரிசை.

அப்புறம் நாள் எப்போது முடிகிறது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். பலர் அதிகாலை 4 மணி என்று வைக்கிறார்கள். நேரத்தில் 4 மணியைக் கழித்துவிட்டுத் தேதியை எடுத்தால் போதும்:

```
date -d "2025-03-10 00:20 4 hours ago" +%F
```

விடை 2025-03-09. இதில் `4 hours ago` என்பதை `-4 hours` என்று எழுதிவிடாதீர்கள். அந்த இடத்தில் -4 என்பதை நேர மண்டலமாக எடுத்துக்கொண்டு, பிழை என்றும் சொல்லாமல், வேறு நேரத்தைக் கொடுத்துவிடும்.

வெள்ளாம்பல் | 17 மார்ச், இரவு 10:00

எனக்கு இது ஆகாது. ராத்திரி 3 மணிக்கு வலி வந்து எழுந்தால் அது 3 மணி என்றுதான் தெரிய வேண்டும். மருத்துவர் கேட்பதே அதைத்தான்.

ஒலித்தச்சன் | 17 மார்ச், இரவு 10:12

கோப்பின் பெயரில் உண்மை நேரம் மாறாது. எந்த நாளின் உறையில் போடுவது என்பதற்கு மட்டும்தான் கழித்தல். ஒலிக்கோப்பு 2025-03-10_0020 என்றே இருக்கும், உறை 2025-03-09.

கார்முகில் | 18 மார்ச், செவ்வாய், காலை 7:45

சரி, என்னுடையதைச் சோதித்தேன். விடிகாலைப் பதிவுகள் தச்சன் சொன்னபடி முந்தைய நாளில்தான் கிடக்கின்றன. ஆனால் 4 மணி என்பது எனக்குப் பொருந்தாது, நான் இரவுப் பணி. என் நாள் பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது. பணி இல்லாத வாரத்தில் எல்லோரையும் போல விடிகாலை. ஒரே எண்ணைக் கழித்தால் ஏதாவது ஒரு வாரம் கெடும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நாள்கோல் | 23 மார்ச், ஞாயிறு, இரவு 10:40

கார்முகிலுக்கு என்னிடம் முழு விடை இல்லை. என் வழக்கம் உதவலாம்: தொடக்கத்தில் தேதியோடு கிழமையையும் சொல்வது. "மார்ச் ஒன்பது, ஞாயிறு." எழுத்தில் ஒன்பது பத்தொன்பதாக மாறினாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும், 19 புதன்கிழமை. கோப்பு உட்கார்ந்திருக்கும் தேதியின் கிழமையும் எழுத்தின் முதல் வரியில் உள்ள கிழமையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன். ஒத்துப்போகாதவற்றை மட்டும் பட்டியல் போடும், நான் கேட்டுப் பார்த்து மாற்றுவேன். இரவுப் பணி வாரத்தில் எந்த நாள் என்று நீங்களே வாயால் சொல்லிவிட்டால் கழித்தல் தேவைப்படாமல் போகலாம்.

வெட்டுவதையும் தானாக நடக்கும்படி செய்துவிட்டேன். அதற்குப் பிறகு பாதிச் சொல்லில் நின்ற கோப்பு வரவில்லை. 29 நொடியில் பதிவு தானே நிற்கும்படி வைத்ததும் நன்றி வரியும் நின்றது.

இன்னும் பிடிபடாதது, பிழையான எழுத்தைத் திருத்துவதா வேண்டாமா என்பது. "போடலாம்" என்பதைப் "போடல" என்று மாற்றினேன். பிறகு நிரல் எழுதியதையும் பக்கத்தில் வைக்கலாமோ என்று தோன்றியது. இப்போதைக்குத் திருத்திய வரியின் கீழே பழையதை விட்டுவைக்கிறேன்.

பழையபாதை | 23 மார்ச், இரவு 11:05

நான் என்றால் திருத்தமாட்டேன். ஒலிதான் நாட்குறிப்பு, எழுத்து அதைத் தேடி எடுக்க ஒரு வழி. ஆனால் தேடும்போது "மாத்திரை போடல" என்று தேடினால் கிடைக்காதே என்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெள்ளாம்பல் | 24 மார்ச், திங்கள், காலை 9:10

திருத்துங்கள். எனக்கு மறுபடி அடுத்த வாரம் மருத்துவரிடம் போக வேண்டும், அவர் ஒலியைக் கேட்கப் போவதில்லை. நாள்கோல், அந்தக் கிழமை பார்க்கும் நிரலை இங்கே போட முடியுமா?